கேப் 3,800, மழை பூஜ்யம்: ஸ்க்யூ-டி படத்தில் எதைப் பார்க்க வேண்டும்

“மே மாசம் ஒரு நாள் காலையில மீனம்பாக்கம் பலூன் தரவுல கேப் 3800னு போட்டிருந்தது. சாயங்காலம் இடியோட கொட்டப் போகுதுன்னு குரூப்ல எல்லாரும் சொன்னாங்க. ஒரு துளி விழல. அந்த ஸ்க்யூ-டி படத்தை எப்படிப் படிச்சா இதை முன்னாடியே கண்டுபிடிக்கலாம்?”

மேகம் ஒருமுறை கிளம்பிவிட்டால் அதற்கு எவ்வளவு ஆற்றல் கிடைக்கும் என்பதுதான் கேப். கிளம்புமா கிளம்பாதா என்று அது சொல்லவே சொல்லாது. மே மாதச் சென்னையில் கேப் 3,000ஐத் தாண்டுவது அப்படி ஒன்றும் அபூர்வமில்லை. வங்கக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது, தரையோரக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு, எண் தானாகவே பெரிதாகத்தான் வரும். அத்தனை நாளும் மழையா பெய்கிறது? அதனால் கேப்பைப் பார்ப்பதற்கு முன், மேகம் கிளம்ப எவ்வளவு தடை இருக்கிறது என்று சொல்லும் சின் என்ற எண்ணைப் பாருங்கள், அதற்கும் முன் படத்தையே பாருங்கள். எண் சொல்லாததைப் படம் சொல்லிவிடும்.

முதலில் படம். பலூன் மேலே போகப் போக அளந்த வெப்பநிலையையும் ஈரத்தையும் வரைந்த படம்தான் ஸ்க்யூ-டி. இடப்பக்கம் கீழிருந்து மேலாக அழுத்தம்: அடியில் 1000 ஹெக்டோபாஸ்கல், உச்சியில் 100. தோராயமாக 925 என்றால் முக்கால் கிலோமீட்டர் உயரம், 850 என்றால் ஒன்றரை, 700 என்றால் மூன்று, 500 என்றால் ஆறுக்குச் சற்றுக் குறைவு என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். வெப்பநிலைக் கோடுகள் நேராக நிற்காமல் வலப்பக்கம் சாய்ந்து மேலே போகும், இதுதான் புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்புவது. 500இல் இருக்கும் ஒரு புள்ளியின் வெப்பநிலை வேண்டுமென்றால் நேர்கீழே பார்க்கக் கூடாது, அந்தச் சாய்ந்த கோட்டைப் பிடித்தே இறங்கி வர வேண்டும். எதற்கு இப்படிச் சாய்த்தார்கள் என்றால், சாய்க்காவிட்டால் உயரம் போகப் போகக் குளிரும் காற்றின் கோடு இடப்பக்கம் ஓடி மறைந்துவிடும், நமக்கு வேண்டிய சின்னச் சின்ன வித்தியாசங்கள் கண்ணில் படாது.

அதன் மேல் பலூன் வரைந்த இரண்டு தடித்த கோடுகள் இருக்கும். வலப்பக்கம் இருப்பது காற்றின் வெப்பநிலை, இடப்பக்கம் இருப்பது பனிப்புள்ளி, அதாவது எந்த வெப்பநிலைவரை குளிர்ந்தால் காற்றில் உள்ள ஈரம் செறியுமோ அது. இரண்டும் ஒட்டிப் போனால் அந்த உயரத்தில் ஈரம், விலகிப் போனால் வறட்சி. பின்னணியில் மெல்லிய கோடுகள் மூன்று வகை. ஈரம் செறியாத காற்று மேலேறும்போது கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி அளவில் குளிரும், அந்தப் பாதை உலர் கோடு. செறிந்துவிட்டால் நீராவி நீராகும்போது வெளிவிடும் வெப்பத்தால் அவ்வளவு வேகமாகக் குளிராது, அந்தப் பாதை ஈரக் கோடு. மூன்றாவது, காற்றில் உள்ள நீராவியின் அளவு மாறாமல் இருக்கும் கோடு. படத்தில் இருப்பது மொத்தமே இவ்வளவுதான்.

இனி ஒரு காற்றுப்பொதியை, அதாவது தரையோரக் காற்றின் ஒரு துண்டை, விரலால் தூக்குங்கள். தரையின் வெப்பநிலைப் புள்ளியிலிருந்து உலர் கோட்டைப் பிடித்து மேலே போங்கள், தரையின் பனிப்புள்ளியிலிருந்து நீராவிக் கோட்டைப் பிடித்து மேலே போங்கள், இரண்டும் சந்திக்கும் இடத்தில் மேகத்தின் அடி உருவாகும். அதை எல்சிஎல் என்பார்கள். அங்கிருந்து ஈரக் கோடு. பொதியின் பாதை பலூனின் வெப்பநிலைக் கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கும்வரை பொதி சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ச்சி, கனம், விட்டால் கீழே வந்துவிடும். என்றைக்கு, எந்த உயரத்தில் அது வலப்பக்கம் தாண்டுகிறதோ அது எல்எஃப்சி, அதற்கு மேல் யாரும் தள்ள வேண்டியதில்லை, தானே பறக்கும். மறுபடி கோட்டை இடப்பக்கம் தாண்டும் இடம் ஈஎல், ஏறக்குறைய மேகத்தின் உச்சி. எல்எஃப்சியிலிருந்து ஈஎல் வரை இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள பரப்பு கேப். தரையிலிருந்து எல்எஃப்சி வரை எதிர்ப்பக்கம் கிடக்கும் பரப்பு சின். இந்தப் படத்தில் பரப்பும் ஆற்றலும் நேர் விகிதத்தில் இருக்கும்படி அச்சுகளை அமைத்திருப்பதால், கண்ணால் பார்த்தே எது பெரியது என்று சொல்லலாம்.

சரி, உங்கள் 3,800க்கு வருவோம். கீழே வரும் எண்கள் ஒரு குறிப்பிட்ட தேதியின் பதிவு இல்லை. மே மாதக் காலைப் பதிவுகளின் சாயலில் நானே எழுதி, கையால் கணக்கிட்டவை. அதனால் விடைகளைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

காலை ஐந்தரை மணிப் பதிவு, அதாவது 00 யுடிசி. தரையில் 29 டிகிரி, பனிப்புள்ளி 26. 925இல் 28 டிகிரி. இங்கேயே நிறுத்திப் பாருங்கள்: முக்கால் கிலோமீட்டர் மேலே போயும் ஒரே ஒரு டிகிரிதான் குறைந்திருக்கிறது. 850இல் 24, 700இல் 12, 500இல் மைனஸ் 5, 300இல் மைனஸ் 30, 200இல் மைனஸ் 53. பொதியைத் தூக்கினால் 960 பக்கத்திலேயே, தரையிலிருந்து 400 மீட்டருக்குள், மேகம் கட்டும். அங்கிருந்து ஈரக் கோட்டில் போனால் 925இல் பொதி 24 டிகிரி, சுற்றுப்புறம் 28. நான்கு டிகிரி குளிர்ச்சி. 850இல் பொதி 21, சுற்றுப்புறம் 24. இன்னும் குளிர்ச்சிதான். 770 பக்கத்தில்தான், அதாவது இரண்டு கிலோமீட்டரையும் தாண்டித்தான், சமமாகிறது. அதற்கு மேல் கதையே வேறு. 500இல் பொதி ஏழு டிகிரி சூடு, 200இல் பத்து டிகிரிக்கு மேல் சூடு, சுமார் 15 கிலோமீட்டர் வரை இறங்கவே இறங்காது. பரப்பைக் கூட்டினால் கேப் கிலோவுக்கு 3,800 ஜூல் அளவில் வரும். சின்? மைனஸ் 180.

குரூப்பில் யாரும் பார்க்காத எண் அந்த 180. இதைத்தான் மூடி என்கிறோம். பானைக்குள் ஆவி எவ்வளவு இருந்தாலும் மூடி நகராமல் வெளியே வராது.

இந்த மூடி எங்கிருந்து வருகிறது என்பதும் படத்திலேயே இருக்கிறது. வலது ஓரத்தில் காற்றின் திசையைக் காட்டும் சின்ன அம்புகளைப் பாருங்கள். தரையில் தெற்கு, தென்கிழக்கு என்றிருக்கும் காற்று 925, 850இல் மேற்காகத் திரும்பியிருந்தால், அது முந்தைய நாள் வெயிலில் காய்ந்த உள்நாட்டு நிலத்தின் மேலிருந்து வரும் சூடான வறண்ட காற்று. பனிப்புள்ளிக் கோடு அதே உயரத்தில் இடப்பக்கம் பெரிதாக விலகியிருந்தால் சந்தேகமே வேண்டாம். கீழே மெல்லிய ஈரப் படலம், மேலே சூடான கூரை. கேப் பெரிதாக இருப்பதற்கும் மழை வராததற்கும் இந்த ஒரே அமைப்புதான் காரணம்: கூரை இருப்பதால்தான் கீழே ஈரம் கலைந்து போகாமல் தேங்குகிறது.

காலைப் பதிவை அப்படியே மாலைக்குப் பயன்படுத்தக் கூடாது. இங்கேதான் பாதிப் பேர் தவறுகிறார்கள். மதியம் தரை என்னவாக இருக்கும் என்று ஊகித்து, பொதியை மறுபடி தூக்க வேண்டும். சென்னையில் இது இரண்டு வேறு கணக்கு, ஏனென்றால் மதியம் நகரத்துக்குள்ளேயே இரண்டு வகைக் காற்று இருக்கும்.

கடற்காற்று நுழைந்துவிட்ட பகுதியில் 34 டிகிரி, பனிப்புள்ளி 25 என்று வையுங்கள். மேகத்தின் அடி ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலே போகும், கேப் 4,200 அளவுக்கு ஏறும், சின் மைனஸ் 80 ஆகக் குறையும். கடற்காற்று எட்டாத உள்பகுதியில், திருவள்ளூர் பக்கம் என்று வைத்துக்கொள்வோம், 39 டிகிரி, பனிப்புள்ளி 21. இங்கே மேகத்தின் அடி இரண்டேகால் கிலோமீட்டரில்தான் வரும், கேப் 2,500க்கு இறங்கிவிடும், ஆனால் சின் வெறும் மைனஸ் 25. எண்ணை மட்டும் பார்ப்பவர் கடலோரத்தில்தான் மழை என்று சொல்வார். படத்தைப் பார்ப்பவர் மேகம் உள்நாட்டில்தான் முதலில் எழும் என்பார். பல நாள் நடப்பதும் அதுதான், மேற்கே எழுந்த மேகக் கூட்டம் மேலடுக்கு மேற்குக் காற்றோடு மாலையில் நகரத்தை நோக்கி வருகிறது. வந்து அந்த 4,200 கேப் உள்ள ஈரக் காற்றின் மேல் ஏறினால்தான் நகரத்துக்கு யோகம்.

மைனஸ் 80ஐ உடைப்பது என்றால் என்ன என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆற்றலை வேகமாக மாற்றும் சூத்திரம் இது:

```
w = √(2 × E)
```

E என்ற இடத்தில் 80 போட்டால் வினாடிக்கு 12.6 மீட்டர் வருகிறது. அதாவது ஒரு பொதி தனியாக மூடியைக் குத்திக்கொண்டு போக அந்த வேகத்தில் கீழிருந்து கிளம்ப வேண்டும். கடற்காற்றின் முன்விளிம்பில் காற்று மேலேறுவது வினாடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான். குத்த முடியாது. ஆனால் அது வேறொன்று செய்கிறது: முன்விளிம்பு நெடுக மொத்தக் காற்றடுக்கையே தூக்குகிறது, மூடியையும் சேர்த்து. செறியாத அடுக்கு 300 மீட்டர் உயர்ந்தால் தானே மூன்று டிகிரி குளிர்கிறது. அது போய்ச் சேரும் உயரத்தில் முன்பு இருந்த காற்றோடு ஒப்பிட்டால், நம் எடுத்துக்காட்டில் ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமான நிகரக் குளிர்ச்சி. கடற்காற்றுப் பொதிக்கும் மூடிக்கும் இருந்த இரண்டரை டிகிரி வித்தியாசத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மேற்கிலிருந்து வரும் இன்னொரு மேகக் கூட்டத்தின் குளிர்காற்று வந்து அதே விளிம்பில் மோதினால் மிச்சமும் போய்விடும். அதனால் சின் மைனஸ் 50க்குள் வந்தால் வெறும் கடற்காற்றே போதும், 100க்கு மேல் நின்றால் மேலே ஏதாவது நடந்தாக வேண்டும் என்று நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். இது விதி இல்லை, கைப்பழக்கம்.

உங்கள் நாளில் என்ன நடந்திருக்கும்? மேற்குக் காற்று வலுவாக இருந்து கடற்காற்று தாமதமாகவோ மெலிவாகவோ நுழைந்திருக்கலாம், அல்லது மூடி மதியமும் குளிராமல் நின்றிருக்கலாம். மேகம் எழுந்து செத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. கடைசியில் சொன்னதற்குக் கேப் கணக்கில் உள்ள பெரிய ஓட்டையே காரணம். பொதி மேலே போகும்போது சுற்றுப்புறக் காற்றோடு கலக்கவே கலக்காது என்று அந்தக் கணக்கு வைத்துக்கொள்கிறது. உண்மையில் கலக்கும். 700 முதல் 500 வரை பனிப்புள்ளிக் கோடு வெப்பநிலைக் கோட்டைவிட்டு இருபது, முப்பது டிகிரி விலகிக் கிடந்தால், அந்த வறண்ட காற்று மேகத்தின் ஓரத்தைத் தின்றுவிடும். மூன்று மணிக்கு மேற்கே காலிஃப்ளவர் மாதிரி எழும்பும், நாலு மணிக்குக் கரைந்திருக்கும், நீங்களே பார்த்திருப்பீர்கள். அதே காரணத்தால்தான், 3,800 கேப்பை மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டால் வினாடிக்கு 87 மீட்டர் மேலெழு காற்று என்று வந்தாலும், உண்மையான மேகத்தில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

ஒரு விஷயம், வறட்சி மேகத்தைத் தின்பதோடு நிற்பதில்லை, மேகத்தின் அடிக்குக் கீழே இருந்தால் வேறொன்றும் செய்யும். மேகம் எப்படியோ தப்பிப் பிழைத்துவிட்டால், இரண்டு கிலோமீட்டர் உயர அடியிலிருந்து விழும் மழை வழியிலேயே ஆவியாகும், ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும், குளிர்ந்த காற்று பொத்தென்று கீழே விழுந்து தரையில் நாலாபுறமும் சீறும். படத்தில் இதற்கு அடையாளம் உண்டு: தரையோரம் இரண்டு கோடுகளும் அகலமாக விலகித் தொடங்கி, மேலே போகப் போக நெருங்கி 750 பக்கத்தில் ஒட்டும், தலைகீழாக வைத்த V மாதிரி. அப்படி இருந்தால் மழை அளவைவிட மரம் விழுவதைப் பற்றித்தான் நான் முதலில் கவலைப்படுவேன்.

இப்போது தரவின் பக்கம். வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் மீனம்பாக்கத்தின் எண் 43279, பெரும்பாலோர் அங்கேதான் பார்க்கிறோம். பட்டியலின் அடியில் உள்ள கேப், தரைப் புள்ளியிலிருந்து மட்டும் தூக்கிய பொதியினுடையது இல்லை, அடியில் உள்ள 500 மீட்டர் காற்றைச் சராசரி எடுத்துத் தூக்கியது. வேறு தளம் தரைப் பொதியைத் தூக்கியிருக்கும், இன்னொன்று எது அதிக கேப் தருமோ அந்தப் பொதியைத் தூக்கியிருக்கும். ஒரே பலூன், மூன்று எண். வித்தியாசம் கொஞ்சநஞ்சமில்லை: நம் எடுத்துக்காட்டில் பனிப்புள்ளியை 26இலிருந்து 24க்குக் குறைத்தால் போதும், 3,800 என்பது 2,200 பக்கம் வந்துவிடும். இரண்டே டிகிரி! ஈரப் படலம் மெல்லியதாக இருக்கும் காலையில் தரைப் பொதியை நம்பவே கூடாது, வெயில் ஏறியதும் அந்த ஈரம் மேலே உள்ள வறண்ட காற்றோடு கலந்துவிடும். குரூப்பில் யாராவது எண் போட்டால் எந்தப் பொதி என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரின் எண்ணை விட்டுவிடலாம்.

பனிப்புள்ளிக்கு இவ்வளவு பலம் இருப்பதால், தரைக் கருவியில் சின்னப் பிழை வந்தாலும் கேப் எகிறும். 6,000, 7,000 என்று பார்த்தால் உடனே படம்பிடித்துப் பகிராமல், அதே நேரத்து விமான நிலைய மீட்டார் அறிக்கையில் பனிப்புள்ளி என்ன என்று ஒப்பிடுங்கள், அதன் குறியீடு VOMM. பலூன் தரவில் தரையில் 28 என்று இருந்து மீட்டாரில் 25 என்று இருந்தால் விஷயம் முடிந்தது. பட்டியலின் மேல்முனையையும் ஒருமுறை பாருங்கள். பலூன் 300லேயே வெடித்திருந்தால் அதற்கு மேல் உள்ள பரப்பு கணக்கில் வராமல் கேப் பாதியாகக் காட்டும். மூன்றாவதாக, நடுவில் எங்காவது கோடு உலர் கோட்டையும் மிஞ்சிய சாய்வில் சட்டென்று குளிர்ந்தால், பலூன் மேகத்துக்குள் நனைந்து வெளியே வந்திருக்கிறது, ஈரமான உணரி காய்கிறது என்று அர்த்தம். அந்தத் துண்டு வானத்தைக் காட்டவில்லை.

மாலை ஐந்தரை மணிப் பதிவு வரும்வரை காத்திருந்து முடிவு செய்யலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்குள் பக்கத்தில் எங்காவது மழை பெய்து அதன் குளிர்காற்று மீனம்பாக்கத்தைத் தொட்டிருந்தால், தரையில் 27 டிகிரி, தரைப் பொதியின் கேப் சில நூறு, சின் மைனஸ் 200 என்று வரும். ஓய்ந்துவிட்டது என்று நினைப்பீர்கள். ஆனால் அந்தக் குளிர்ப்படலம் அரைக் கிலோமீட்டர் தடிமன் மட்டும்தான், அதற்கு மேலே 900 பக்கத்தில் உள்ள காற்று பழைய சூட்டோடும் ஈரத்தோடும் அப்படியே இருக்கலாம். அப்படிப்பட்ட மாலையில் தரையை விட்டுவிட்டு, இரண்டு கோடுகளும் நெருங்கி நிற்கும் அந்த உயரத்திலிருந்து பொதியைத் தூக்கிப் பாருங்கள். அங்கிருந்து தூக்கினால் 2,000 வந்தது என்றால், எட்டு மணிக்கு மேல் இரண்டாவது சுற்று இடி கேட்டாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.